D டிரைவ் சிவப்பாகிவிட்டதா? அழிக்கத் தொடங்கும் முன் ஹார்டு டிஸ்க் நலம் பார்க்கும் முறை

லேப்டாப் ஊர்ந்து போகிறது. ஃபோல்டரைத் திறந்தால் ஜன்னல் வெளுத்துப்போய் நிற்கிறது. உள்ளே பார்த்தால் D டிரைவின் கோடு சிவப்பு. மிச்சம் பத்துப் பதினொரு ஜிபிதான். யாரிடம் கேட்டாலும் "டிஸ்க் ஃபுல், கொஞ்சம் காலி பண்ணுங்க" என்பார்கள். பல நேரம் அது சரியான யோசனைதான். ஆனால் டிஸ்க் நிறைந்தும் இருந்து, பழுதாகிக்கொண்டும் இருந்தால்? வெளியே தெரிவது அதே மெதுவும் அதே தொங்கலும்தான். சிவப்புக் கோடு கண்ணில் படுவதால் பழியை அதன்மேல் போட்டுவிடுகிறோம், உள்ளே இருக்கும் பழுதை யாரும் தேடுவதில்லை.

என் அக்காவின் லேப்டாப்பில் இதுதான் நடந்தது. 1 டிபி ஹார்டு டிஸ்க், அதில் D மட்டும் 780 ஜிபி. குழந்தைகளின் படங்கள், அவள் ஆய்வுக்காக ஸ்கேன் செய்த பக்கங்கள், போனிலிருந்து இறக்கிய வீடியோக்கள் எல்லாம் அதில்தான். சர்வீஸ் கடையில் காலி செய்யச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். "பழைய வீடியோவெல்லாம் அழிச்சிட்டா சரியாயிடும்டா" என்று அவளும் தயாராக இருந்தாள். எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது என்பதை ஒரே இடத்தில் சொல்லும் குறிப்பு எங்கேயும் கிடைக்காமல், துண்டு துண்டாகத் தேடிச் சேர்த்ததை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். விண்டோஸ் லேப்டாப், சுழலும் ஹார்டு டிஸ்க் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவர்களுக்குக் கடைசிக்கு முன் ஒரு பகுதி உண்டு.

## 1. முதலில் கையை எடுங்கள்

நலம் தெரியும்வரை நான்கு வேலைகள் வேண்டாம்: பெரிய அளவில் அழிப்பது, ஒரே படம் இரண்டு முறை இருக்கிறதா என்று தேடும் மென்பொருளை ஓட்டுவது, டீஃப்ராக் செய்வது, `chkdsk /r` கொடுப்பது.

காரணம் இது. ஹார்டு டிஸ்க் தரவைச் செக்டர் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாக வைத்திருக்கிறது. அதில் ஒரு செக்டரைப் படிக்க முடியாமல் போனால், டிஸ்க் அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அந்த நேரம் முழுக்க மற்ற வேலைகள் காத்துக்கிடக்கும். நீங்கள் பார்க்கும் தொங்கல் இதுதான். கடைசிவரை படிக்க முடியவில்லை என்றால் அந்தச் செக்டரை "நிலுவை" என்று குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு என்றைக்காவது அதன்மேல் புதிதாக ஏதாவது எழுதும்போதுதான் முடிவெடுக்கும்: எழுத முடிந்தால் நிலுவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும், முடியாவிட்டால் கையிருப்பில் உள்ள வேறொரு செக்டரை அதற்குப் பதிலாக வைத்துவிடும். இரண்டில் எது நடந்தாலும் பழைய தரவு போனது போனதுதான்.

இப்போது காலி செய்வதை இதோடு சேர்த்துப் பாருங்கள். நூறு ஜிபி அழிக்கிறீர்கள், அந்த இடத்தில் புதிய ஃபைல்கள் வந்து உட்காருகின்றன. நிலுவையில் இருந்த செக்டர்களின் மேலும் எழுதப்படுகிறது, நிலுவை எண்ணிக்கை குறைகிறது. லேப்டாப் வேகமாகவும் தெரிகிறது, ஏனென்றால் கெட்ட இடத்தில் இருந்த ஃபைலை இனி யாரும் படிப்பதில்லை. பழுது அப்படியே இருக்க, அதற்கான சாட்சி மட்டும் அழிந்துவிடுகிறது.

ஒரே படத்தைத் தேடும் மென்பொருள்கள் ஃபைல்களின் உள்ளடக்கத்தை வரிசையாகப் படிக்கும். நலிந்த டிஸ்க்கிற்கு அது பெரிய சுமை. டீஃப்ராக் அதைவிட மோசம். படித்து, நகர்த்தி, திரும்ப எழுதும்.

`chkdsk /r` பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா இடத்திலும் இதைத்தான் முதல் மருந்தாகச் சொல்கிறார்கள். அது ஃபைல் அமைப்பைச் சரிசெய்யும் கருவி, தரவைக் காப்பாற்றும் கருவி அல்ல. படிக்க முடியாத பகுதியை ஒதுக்கிவிட்டு வேறு இடத்தை அந்த ஃபைலோடு ஒட்டவைக்கும். பெயர் அப்படியே இருக்கும், திறந்தால் படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறம். டிஸ்க் நிறைந்திருந்தால் மாற்றிவைக்க இடமில்லை என்று அதுவே கைவிரிக்கவும் செய்யும். வெறும் `chkdsk D:` என்று கொடுத்தால் பார்க்க மட்டுமே செய்யும், எதையும் மாற்றாது. அதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

## 2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

பிட்லாக்கர் மீட்புச் சாவி. 48 இலக்க எண். விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். நாளைக்கு டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் இந்த எண் இல்லாமல் ஒரு ஃபைல்கூடத் திறக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து `aka.ms/myrecoverykey` என்ற முகவரியில் பாருங்கள். காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்துவைத்தால் பயனில்லை.

பில்லும் சீரியல் நம்பரும். தனியாக வாங்கிய டிஸ்க் என்றால் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் சீரியல் நம்பரைக் கொடுத்தால் வாரண்டி எதுவரை என்று தெரியும். லேப்டாப்போடு வந்த டிஸ்க் என்றால் பெரும்பாலும் டிஸ்க் நிறுவனம் பொறுப்பேற்காது; லேப்டாப்பின் வாரண்டிதான் கணக்கு. இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு இடத்துக்கும் அலைபவர்கள் நிறைய.

காலியான இன்னொரு டிஸ்க். இதுதான் உண்மையான செலவு. 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஐயாயிரம் ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும். விலை ஏறி இறங்குவதால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்த D டிரைவும் அதில் அடங்க வேண்டும் என்பதில்லை. முக்கியமானவை அடங்கினால் போதும். அக்காவின் 780 ஜிபியில், போனால் திரும்ப வராதவை 410 ஜிபிதான். புதிதாக வாங்கிய டிஸ்க்கையும் 4-ஆம் படியில் சொல்வதுபோல் ஒரு முறை சோதித்துவிடுங்கள். பழைய பென்டிரைவ்களில் பிரித்துப் பிரித்து ஏற்றும் யோசனை வேண்டாம். FAT32 அமைப்பில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறவே ஏறாது.

வேலையைத் தொடங்கும் முன் சார்ஜரை மாட்டி, லேப்டாப் தூங்கப் போகாதபடி `Sleep` அமைப்பை `Never` என்று மாற்றிவிடுங்கள்.

## 3. நிறைந்ததன் தொல்லையா, பழுதின் தொல்லையா

மென்பொருள் எதுவும் இறக்காமலே பாதி விடை கிடைக்கும். காப்பி செய்யும்போதோ சேமிக்கும்போதோ வந்த பிழை எண் நினைவிருக்கிறதா? `0x80070070` என்றால் இடமில்லை, அவ்வளவுதான். `0x80070017` அல்லது `0x8007045D` என்றால் இடத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. முன்னது, படித்த தரவு கெட்டிருக்கிறது என்பது. பின்னது, டிஸ்க்கோடு பேசவே முடியவில்லை என்பது. இது கேபிள் கோளாறாகவும் இருக்கலாம்.

அடுத்து `Event Viewer` திறந்து, `Windows Logs` கீழே `System` பாருங்கள். வலப்பக்கம் `Filter Current Log` இருக்கும். அதில் எண் கேட்கும் இடத்தில் இப்படிக் கொடுங்கள்:

```
7,51,55,129,153
```

7 என்பது கெட்ட பிளாக். 153 என்பது ஒரு வேலையை டிஸ்க்கிடம் திரும்பக் கேட்க வேண்டிவந்தது. 129 என்பது பதிலே வராமல் டிஸ்க்கை ரீசெட் செய்தது. 51 பேஜிங் நேரத்தில் வந்த பிழை, 55 ஃபைல் அமைப்பின் குழப்பம். வருடத்தில் ஒன்றிரண்டு 153 இருந்தால் நான் பதற மாட்டேன். 7 ஒன்று இருந்தாலும் உட்கார்ந்து கவனிப்பேன். ஒன்றைக் கவனியுங்கள்: பல செய்திகளில் `Harddisk0` என்றோ `Disk 0` என்றோ எந்த டிஸ்க் என்பது இருக்கும். எப்போதோ செருகிய கெட்ட பென்டிரைவைப் பற்றிய செய்தியைப் பார்த்துவிட்டு உள் டிஸ்க்கிற்காகக் கவலைப்படுபவர்கள் உண்டு.

மூன்றாவது, `Resource Monitor` திறந்து `Disk` பகுதிக்குப் போங்கள். `Task Manager` காட்டும் 100% மட்டும் எதையும் நிரூபிக்காது. சுழலும் டிஸ்க் உள்ள லேப்டாப்பில் விண்டோஸ் அப்டேட் ஓடினாலே அது நூறைத் தொடும். இங்கே பார்க்க வேண்டியது `Response Time`. வேலைப்பளுவில் இருக்கும் நல்ல டிஸ்க்கில் சில பத்து மில்லிசெகண்டிலிருந்து சில நூறுவரை போகும், எல்லா ஃபைலுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அக்காவின் லேப்டாப்பில் மற்ற ஃபோல்டர்கள் ஒழுங்காகத் திறந்தன. 2017-ஆம் வருடப் படங்களுக்குள் போனால் மட்டும் ஒரே ஒரு படத்தின் எதிரில் நாலாயிரத்துக்கு மேல் ஏறி அப்படியே நின்றது. டிஸ்க் சத்தமே இல்லாமல் நின்று, ஒரு 'டிக்', மறுபடி மௌனம்.

நிறைந்த டிஸ்க் பொதுவாக எழுதும்போது திணறும், எல்லா இடத்திலும் திணறும். பழுதான டிஸ்க் படிக்கும்போது திணறும், அதுவும் குறிப்பிட்ட சில ஃபைல்களில் மட்டும். இது எப்போதும் பொருந்தாது என்றாலும் முதல் சந்தேகத்துக்குப் போதும்.

## 4. டிஸ்க்கையே கேளுங்கள்

ஒவ்வொரு டிஸ்க்கும் ஸ்மார்ட் என்ற பெயரில் தன் குறைகளின் கணக்கைத் தானே வைத்திருக்கிறது. அதைப் பார்க்க `CrystalDiskInfo` போதும்; இலவசம். இறக்கும்போது நிறுவத் தேவையில்லாத ஜிப் வடிவத்தை எடுத்து, பென்டிரைவில் பிரித்து, அங்கிருந்தே ஓட்டுங்கள். சந்தேகத்துக்குரிய டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாமல் இருப்பது நல்லது.

திறந்ததும் மெனுவில் `Function`, `Advanced Feature`, `Raw Values`, `10 [DEC]` என்று போய் மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் எண்கள் பதினாறின் அடிமானத்தில் இருக்கும். அக்காவுடையதில் நிலுவைச் செக்டர்கள் 18 என்று காட்டியது. உண்மையில் அது 24.

பட்டியலில் இருபது வரிகள் இருக்கும். பார்க்க வேண்டியவை நாலு.

C5 – நிலுவைச் செக்டர்கள். இப்போது படிக்க முடியாமல் இருப்பவை. சுழியாக இருக்க வேண்டும். காலி செய்யலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு இதுதான் முதல் விடை.

C6 – டிஸ்க் தன்னைத்தானே சோதித்தபோது மீட்க முடியாதவை. பல டிஸ்க்குகளில் C5-ஐ ஒட்டியே வரும்.

05 – ஏற்கெனவே மாற்றிவைக்கப்பட்டவை. இதில் எண் இருந்தும் மாதக்கணக்கில் ஏறாமல் நிற்கிறது என்றால் அந்த டிஸ்க் இன்னும் ஓடலாம். வாரத்துக்கு வாரம் ஏறினால் ஓடாது.

C7 – கேபிள் வழியில் நடந்த தரவுப் பிழைகள். இது டிஸ்க்கின் நோய் அல்ல, பெரும்பாலும் கேபிளின் நோய். ஒரு முறை ஏறியது திரும்ப இறங்காது. எனவே கேபிளை மாற்றிய பிறகும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. சில நூறு ரூபாய் கேபிளுக்குப் பதில் புது டிஸ்க் வாங்கியவர்கள் இங்கேதான் தவறவிட்டிருப்பார்கள்.

01, 07 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சீகேட் டிஸ்க்குகளில் அந்த எண்ணைப் பதிவு செய்யும் முறையே வேறு; நல்ல டிஸ்க்கிலும் அப்படித்தான் இருக்கும்.

அதேபோல், வேறொரு கருவி `PASSED` என்றோ `OK` என்றோ சொன்னால் நிம்மதியாகிவிடாதீர்கள். அந்த ஒற்றைச் சொல், நிறுவனம் வைத்த எல்லைக்கோட்டைத் தாண்டியதா என்று மட்டும் சொல்கிறது. நிலுவைச் செக்டர்கள் இருக்கும்போதே `PASSED` என்று வரும். `CrystalDiskInfo` இந்த விஷயத்தில் கொஞ்சம் கறார். C5 எட்டிப் பார்த்தாலே மஞ்சளில் `Caution` போட்டுவிடும்.

இந்தத் திரையை இப்போதே போனில் படமெடுத்து வையுங்கள், தேதி தெரியும்படி. முன்னே சொன்னதுபோல் C5 பின்னால் இறங்கிவிடலாம். வாரண்டி மேசையில் காட்ட இந்தப் படம் தவிர வேறு எதுவும் உங்களிடம் இருக்காது.

அக்காவின் டிஸ்க் கணக்கு இது: 05 சுழி, C5 24, C6 24, C7 சுழி. 24 என்பது பெரிதாகத் தெரியலாம். இப்போதைய டிஸ்க்குகளில் உள்ளே ஒரு செக்டர் 4096 பைட். வெளியே அதை 512 பைட் கொண்ட எட்டுத் துண்டுகளாகக் காட்டுகின்றன. அதனால்தான் இந்த எண் பெரும்பாலும் எட்டின் மடங்காக வருகிறது. 24 என்றால் உண்மையில் மூன்று இடங்கள், மொத்தம் 12 கேபி. 1 டிபியில் 12 கேபி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் கூகுள் பொறியாளர்கள் 2007-இல் தங்கள் டிஸ்க்குகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க்குகள் அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு, பிழை இல்லாதவற்றைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். எண்ணிக்கை சிறியது என்பது ஆறுதல் இல்லை.

அதே ஆய்வின் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். செத்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றுகூட இல்லாமலே செத்திருந்தன. ஆகவே ஸ்மார்ட் கெட்டது என்று சொன்னால் நம்புங்கள். நல்லது என்று சொன்னால் பாதி மட்டும் நம்புங்கள்.

## 5. குறுஞ்சோதனை, நெடுஞ்சோதனை

C5, C6 இரண்டும் சுழி, ஆனாலும் தொங்குகிறது என்றால் டிஸ்க்கைத் தன்னைத்தானே சோதிக்கச் சொல்லலாம். `smartmontools` நிறுவி, நிர்வாகி உரிமையோடு கட்டளை ஜன்னலைத் திறந்து:

```
smartctl --scan
smartctl -t short /dev/sda
smartctl -l selftest /dev/sda
```

விண்டோஸிலும் `/dev/sda` என்றுதான் கொடுக்க வேண்டும். முதல் டிஸ்க் அது. குறுஞ்சோதனை ஓரிரு நிமிடம். முடிந்ததும் மூன்றாவது கட்டளை `Completed without error` என்றோ `Completed: read failure` என்றோ சொல்லும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பதில் வராவிட்டால் `-d sat` சேர்த்துப் பாருங்கள். கட்டளை ஜன்னல் ஒத்துவராதவர்களுக்கு டிஸ்க் நிறுவனங்களின் சொந்தக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

`short` என்ற இடத்தில் `long` போட்டால் டிஸ்க்கின் மேற்பரப்பு முழுவதையும் படிக்கும். 1 டிபி லேப்டாப் டிஸ்க்கிற்குச் சில மணி நேரம். குறுஞ்சோதனை கண்டுகொள்ளாத கெட்ட இடத்தை இது கண்டுபிடிக்கும். ஆனால் C5-இல் ஏற்கெனவே எண் இருந்தால் நெடுஞ்சோதனையை ஓட்டாதீர்கள். தெரிந்த விஷயத்தை உறுதிசெய்வதற்காக டிஸ்க்கின் மிச்ச ஆயுளைச் செலவழிப்பதாகிவிடும். அந்த மணி நேரங்களைக் காப்பி எடுக்கக் கொடுங்கள்.

## 6. என்ன முடிவெடுப்பது

எல்லாம் சுழி, நெடுஞ்சோதனையும் சுத்தம் என்றால் உங்கள் தொல்லை உண்மையிலேயே இடப் பற்றாக்குறைதான். முக்கியமானதை ஒரு பேக்கப் எடுத்துவிட்டுத் தாராளமாக அழியுங்கள். அழித்ததைக் குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்கினால்தான் இடம் திரும்பும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

C7 மட்டும் ஏறியிருந்தால் கேபிளை மாற்றி, சில நாள் கழித்து எண்ணைப் பாருங்கள்.

C5 அல்லது C6-இல் எண் இருந்தால் காலி செய்யும் திட்டத்தை மறந்துவிடுங்கள். இனி வேலை காப்பி எடுப்பது மட்டுமே.

டிஸ்க் 'கிளிக் கிளிக்' என்று அடித்துக்கொண்டே இருக்கிறது, அல்லது திரையிலிருந்து மறைந்து மறைந்து வருகிறது என்றால் காப்பிகூட வேண்டாம், அணைத்துவிடுங்கள். தலைப்பகுதி பழுதாகியிருக்கலாம், ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டைக் கீறலாம். அடுத்த இடம் தரவு மீட்பு நிலையம். டிஸ்க்கைத் திறக்க வேண்டிய வேலை என்றால் தூசியில்லா அறை தேவை, செலவு பல ஆயிரங்களில் போகும். கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, மீட்க முடியாவிட்டால் எவ்வளவு, சீரியல் நம்பர் எழுதிய ரசீது தருவார்களா. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். உள்ளே ஈரம் படிவதுதான் மிச்சம்.

## 7. காப்பி எடுக்கும் முறை

எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போடுவது இங்கே உதவாது. ஒரு கெட்ட படத்தில் மாட்டினால் பெட்டி வந்து கேள்வி கேட்டு நிற்கும், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். கட் செய்து ஒட்டுவது வேண்டவே வேண்டாம். நகர்த்துவது என்றால் அந்தப் பக்கம் எழுதிவிட்டு இந்தப் பக்கம் அழிப்பது. நலிந்த டிஸ்க்கில் அழிப்பதும் ஒரு எழுத்து வேலைதான்.

விண்டோஸிலேயே இருக்கும் `robocopy` போதும்:

```
robocopy D:\Photos E:\Photos /E /R:0 /W:0 /XJ /TEE /LOG:E:\photos.txt
```

E என்பது எக்ஸ்டர்னல் டிஸ்க். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். `/R:0` என்பதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், படிக்க முடியாத ஒரே ஃபைலை 30 விநாடிக்கு ஒரு முறை வீதம் பத்து லட்சம் தடவை முயல்வதுதான் இந்தக் கட்டளையின் இயல்பு. காலையில் எழுந்து பார்த்தால் அதே படத்தில் நின்றிருக்கும், டிஸ்க்கும் இரவெல்லாம் அடிவாங்கியிருக்கும். `/MIR`, `/MOVE` இரண்டும் அழிக்கும் குணம் உள்ளவை, பக்கத்திலேயே போகாதீர்கள்.

வரிசை முக்கியம். சிறியதும் ஈடில்லாததும் முதலில், பெரியதும் திரும்பக் கிடைப்பதும் கடைசியில். அக்காவுக்கு ஆய்வு ஸ்கேன்கள் முதலில் போயின, பிறகு சிக்கலில்லாத வருடங்களின் படங்கள், அப்புறம் வீடியோ. தொங்கிய 2017 ஃபோல்டரை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்தோம். கெட்ட இடத்தை முதலிலேயே முட்டினால், நல்லதை எடுக்கும் முன்பே டிஸ்க் கையை விரித்துவிடும் ஆபத்து இருக்கிறது.

நேரக் கணக்கு: பெரிய ஃபைல்களும் யு.எஸ்.பி. 3 துளையும் என்றால் விநாடிக்கு 80 எம்பி என்று வையுங்கள், 410 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம். படங்கள்போல் சிறியவை ஆயிரக்கணக்கில் இருந்தால் அதைப்போல் பல மடங்கு. பழைய யு.எஸ்.பி. 2 துளையில் செருகினால் வேகம் முப்பதைச் சுற்றித்தான். நீல நிறத் துளை பெரும்பாலும் வேகமானது. எப்படியும் ஒரு இரவு என்று ஒதுக்கிவிடுங்கள்.

முடிந்ததும் பதிவு ஃபைலின் கடைசியில் ஒரு அட்டவணை இருக்கும். அதில் `FAILED` என்ற நெடுவரிசையைப் பாருங்கள். அக்காவுடையதில் நான்கு. பதிவுக்குள் `ERROR` என்று தேடினால் எவை என்பது தெரியும்:

```
ERROR 23 (0x00000017) Copying File D:\Photos\2017\...
Data error (cyclic redundancy check).
```

மொத்தக் காப்பியும் முடிந்து, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் சில ஃபோல்டர்களைத் திறந்து பார்த்த பிறகுதான் இந்த நான்கையும் இன்னொரு முறை முயன்றோம். ஒன்று வந்தது. மூன்று வரவில்லை, அவற்றில் இரண்டு அத்தானின் போனில் இருந்தன. கடைசியில் C5 பார்த்தபோது 24 இருந்த இடத்தில் 40. ஒரே இரவில் மூன்று இடம் ஐந்தாகியிருந்தது.

பழுதான ஃபைல் ஈடில்லாதது, ஆனால் நிலையத்துக்குக் கொடுக்கும் அளவுக்குப் பணமில்லை என்றால், லினக்ஸில் `ddrescue` என்ற கருவி முழு டிஸ்க்கையும் பிம்பமாக எடுக்கும். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டுக் கெட்டதைக் கடைசியில் தொடும். அதற்கு முழு டிஸ்க் அளவுக்கு இடம் வேண்டும், லினக்ஸ் பழக்கமும் வேண்டும்.

## 8. எஸ்.எஸ்.டி. என்றால்

`CrystalDiskInfo`-வில் C5 எல்லாம் பெரும்பாலும் இருக்காது. என்.வி.எம்.இ. வகையில் `Available Spare` குறைகிறதா, `Media and Data Integrity Errors` சுழியா என்று பாருங்கள். `Percentage Used` நூறைத் தொட்டால் உடனே செத்துவிடும் என்று பொருளில்லை. நிறுவனம் உறுதியளித்த எழுத்து அளவு தீர்ந்தது என்றுதான் பொருள்.

நிறைந்த எஸ்.எஸ்.டி. இயல்பாகவே மெதுவாகும், எனவே குழப்பம் இங்கே இன்னும் அதிகம். ஒரு அறிகுறி மட்டும் தெளிவானது: அழித்த ஃபைல்கள் லேப்டாப்பை மறுபடி ஓட்டியதும் திரும்ப வந்து நின்றால், அந்த எஸ்.எஸ்.டி. எழுதும் திறனை இழந்து படிக்க மட்டுமே விடும் நிலைக்குப் போயிருக்கலாம். அழிக்கும் முயற்சியை விட்டுவிட்டு அன்றே காப்பி எடுங்கள். நல்ல எஸ்.எஸ்.டி.யிலோ இதற்கு நேர்மாறு. அழித்ததும் `TRIM` அந்த இடத்தைத் துடைத்துவிடுவதால், தவறி அழித்ததை மீட்பு மென்பொருளால் கொண்டுவருவது அநேகமாக நடக்காது.

## 9. பழைய டிஸ்க்கை என்ன செய்வது

வாரண்டி இருந்தால் பில், சீரியல் நம்பர், 4-ஆம் படியில் எடுத்த படம் மூன்றோடும் போங்கள். வாரண்டி என்பது டிஸ்க்கிற்குத்தான், உள்ளே இருக்கும் தரவுக்கு இல்லை. மாற்று டிஸ்க் கொடுத்தால் பழையதைப் பொதுவாகத் திருப்பித் தரமாட்டார்கள். மாற்றாக வருவது பழுதுபார்த்த டிஸ்க்காகவும் இருக்கலாம்.

வாரண்டி இல்லாவிட்டால் "ஃபார்மட் பண்ணினேன், இப்ப நல்லாத்தான் ஓடுது" என்று அதையே பேக்கப் டிஸ்க்காக வைத்துக்கொள்ளும் ஆசை வரும். முழு ஃபார்மட் எல்லாச் செக்டரிலும் எழுதும், C5 சுழியாகும், `Caution` மறைந்து `Good` வந்தாலும் வரும். பழைய டிஸ்க் வாங்குபவர்களும் இதனால்தான் `Good` என்ற சொல்லை மட்டும் பார்க்கக் கூடாது, 05-ஐயும் பார்க்க வேண்டும். அதுவும் சில நேரம் சுழியாகவே இருக்கும் என்பதால் நெடுஞ்சோதனை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

டிஸ்க்கை யாரிடம் கொடுப்பதானாலும் முன்பு அழித்துவிட வேண்டும். பிட்லாக்கர் ஏற்கெனவே போட்டிருந்தால் கவலை குறைவு. சாவி இல்லாமல் யாராலும் படிக்க முடியாது. போடாத டிஸ்க், அழிக்கவும் முடியாத நிலைக்குப் போய்விட்டது, உள்ளே வங்கிக் காகிதங்களும் ஆதார் நகல்களும் இருக்கின்றன என்றால், மாற்று டிஸ்க்கின் விலையையும் அந்தக் காகிதங்களையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு வாரண்டி மேசைக்குப் போங்கள். அக்கா அந்த டிஸ்க்கைக் கொடுக்கவில்லை.